பத்து தறி குடோன், இரண்டு சந்தேகப் புள்ளிகள்: ரெக்ரஷனில் எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி: வணக்கம்ங்க சார். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக சோமனூர், பல்லடம் பக்கம் பத்து விசைத்தறி குடோன்ல தறி எண்ணிக்கையும் இரண்டு மாச கரண்ட் யூனிட்டும் எடுத்தேன். 4 தறி 1450, 6 தறி 1900, 6 தறி 2100, 8 தறி 2550, 8 தறி 2700, 10 தறி 3300, 10 தறி 2100, 12 தறி 3700, 12 தறி 3900, 24 தறி 4800. R² 0.80 வருது. கைடு மேடம் "24 தறி தனியா நிக்குது, தூக்கிரு"ங்கறாங்க. கூடப் படிக்கிறவ "10 தறிக்கு 2100தான் தப்பு, எச்சம் அதுக்குத்தான் பெருசு"ங்கறா. எதை எடுக்கறதுங்க?

பதில்:

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே ஒரு எண்ணைப் பார்த்த கையோடு "எடு" என்று சொல்லிவிட்டார்கள். எடுக்கலாமா என்பதை அந்த எண் முடிவு செய்யாது. எந்தக் குடோனுக்குத் திரும்பப் போய் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். நேற்று நான் கேட்ட இரண்டு கேள்விக்கு நீங்கள் விசாரித்து அனுப்பிய தகவலைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

ஒன்றை நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்: பில் தொகையை எடுக்காமல் யூனிட்டை எடுத்திருக்கிறீர்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 1000 யூனிட் இலவசம் என்பதால் தொகை நேர்கோட்டில் ஏறாது. தொகையை வைத்துப் போட்டிருந்தால் அந்த இலவச அளவும் கோட்டுக்குள் கலந்திருக்கும்.

பத்தையும் வைத்துப் போட்டால் உங்களுக்கு வரும் கோடு: யூனிட் = 1164 + 168.6 × தறி. R² 0.80 என்பதைப் பார்த்து நிம்மதி அடைவதற்கு முன் அந்த 1164-ஐப் பாருங்கள். தறியே இல்லாத குடோன் இரண்டு மாதத்தில் 1164 யூனிட் இழுக்கும் என்று கோடு சொல்கிறது. நாலு டியூப்லைட்டும் ஒரு தார் சுற்றும் மிஷினும் அவ்வளவு இழுக்காது. 4 தறிக்குக் கீழே உங்களிடம் தரவு இல்லாததால் வெட்டுத்துண்டை அப்படியே நம்பக்கூடாது என்பது உண்மைதான். ஆனாலும் இவ்வளவு பெரிய எண் வந்தால் கோட்டை எதுவோ சாய்த்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகத்தை உறுதி செய்ய எச்சங்களை, அதாவது மீட்டர் யூனிட்டிலிருந்து கோடு சொல்லும் யூனிட்டைக் கழித்து வருவதை, தறி எண்ணிக்கை வரிசையில் எழுதிப் பாருங்கள். 4 தறிக்கு −389. 6-க்கு −276, −76. 8-க்கு +37, +187. 10-க்கு +450, −750. 12-க்கு +513, +713. கடைசியில் 24-க்கு −410. அந்த −750-ஐக் கையால் மறைத்துக்கொண்டு படித்தால் 4-லிருந்து 12 வரை எச்சம் ஒரே சீராக ஏறிக்கொண்டே போவது தெரியும். கோடு சரியாக இருந்தால் எச்சங்கள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்க வேண்டும். இப்படிப் படியேறினால், ஒன்பது குடோன்கள் கேட்கும் சாய்வு கோட்டுக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பத்தாவது குடோன் அதைக் கீழே அமுக்கிப் பிடித்திருக்கிறது.

இங்கே மூன்று விஷயங்களைக் குழப்பாமல் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு புள்ளியின் y, கோட்டிலிருந்து விலகி நின்றால் அது வெளிப்புள்ளி. அதன் x மற்ற x-களிலிருந்து தள்ளி நின்றால் அதற்கு லெவரேஜ் அதிகம். அதை எடுத்தால் கோடே நகரும் என்றால் அது செல்வாக்குள்ள புள்ளி. முதல் இரண்டும் சேர்ந்துதான் மூன்றாவதை உண்டாக்குகின்றன. கடப்பாரை மாதிரிதான்: எவ்வளவு பலமாக அமுக்குகிறோம் என்பதும் முக்கியம், எவ்வளவு தள்ளிப் பிடித்து அமுக்குகிறோம் என்பதும் முக்கியம்.

லெவரேஜைக் கணக்கிட y தேவையே இல்லை. ஒற்றை x உள்ள ரெக்ரஷனில் அது h = 1/n + (x − x̄)²/Sxx. உங்கள் தரவில் சராசரி சரியாக 10 தறி; Sxx, அதாவது (x − x̄)²-களின் கூட்டுத்தொகை, 280. எனவே 10 தறி குடோனுக்கு h = 0.10. 24 தறிக்கு 0.1 + 196/280 = 0.80. எல்லா h-களையும் கூட்டினால் 2 வரும் (சாய்வு, வெட்டுத்துண்டு என்ற இரண்டு அளவுகளுக்காக). பத்து குடோனுக்குப் பங்கிட்டால் சராசரி 0.2. அதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 0.4 தாண்டினால் திரும்பிப் பார் என்பது வழக்கமான விதி. இங்கே ஒரே குடோன் மொத்த 2-ல் 0.8-ஐ எடுத்துக்கொண்டது. h = 1 வரை போனால் கோடு அந்தப் புள்ளி வழியாகவே போயாக வேண்டும், எச்சம் பூஜ்யம்தான். ஆன்ஸ்கோம் 1973-ல் காட்டிய நான்கு தரவுத் தொகுப்புகளில் கடைசித் தொகுப்பு அப்படிப்பட்டது: பத்து புள்ளிக்கு x = 8, ஒன்றுக்கு மட்டும் 19.

உங்கள் தோழி தவறியது இந்த இடத்தில்தான். லெவரேஜ் அதிகமுள்ள புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அதன் எச்சம் சிறிதாகத்தான் தெரியும். 24 தறி குடோனின் −410 அளவில் ஐந்தாவது இடத்தில்தான் இருக்கிறது. எச்சத்தை மட்டும் பார்த்தால் அதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் எச்சம் e-ஐ e/(1−h) என்று வகுத்துப் பாருங்கள்: −410/0.2 = −2050. அந்தக் குடோனை விட்டுவிட்டு மற்ற ஒன்பதை வைத்துக் கோடு போட்டு, 24 தறிக்கு எவ்வளவு வரும் என்று கேட்டால் வரும் பிழை இது. மற்ற ஒன்பதும் அங்கே 6850 யூனிட் எதிர்பார்க்கின்றன. நீங்கள் எழுதியிருப்பது 4800. மறுபடி ரெக்ரஷன் போடாமலே இந்த எண் கிடைக்கிறது என்பதுதான் இந்த வகுத்தலின் அருமை.

R-ல் இதெல்லாம் நாலு வரி:

```r
x <- c(4,6,6,8,8,10,10,12,12,24)
y <- c(1450,1900,2100,2550,2700,3300,2100,3700,3900,4800)
m <- lm(y ~ x)
round(cbind(h=hatvalues(m), t=rstudent(m), D=cooks.distance(m), dfbeta(m)), 2)
```

D என்று வருவது குக் தூரம். டென்னிஸ் குக் 1977-ல் கொடுத்த அளவு. ஒரு புள்ளியை எடுத்தால் எல்லாக் கணிப்பும் சேர்ந்து எவ்வளவு நகரும் என்பதை ஒரே எண்ணில் சொல்லும். 1 தாண்டினால் கவனி என்பார்கள். 24 தறிக்கு D = 6.8. மற்ற ஒன்பதில் எதுவும் 0.15-ஐத் தாண்டவில்லை, 2100 உட்பட. dfbeta நெடுக்கையில் x-க்கு −102.5 என்று இருக்கும். அந்த ஒரு குடோன் இருப்பதால் சாய்வு 271-லிருந்து 168.6-க்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். சின்ன ரெக்ரஷனில் நான் அதிகம் நம்புவது இந்த dfbeta-வைத்தான். D ஒரு அபாய மணி, அவ்வளவுதான். தறிக்கு 169 யூனிட்டா 271 யூனிட்டா என்பது குடோன்காரருக்கே புரியும் வித்தியாசம்.

அப்படியானால் 2100 நல்ல புள்ளியா? இல்லை. அதுவும் ஒளிந்துகொண்டிருக்கிறது. பத்தும் இருக்கும்போது அதன் rstudent, அதாவது அந்தப் புள்ளியை விட்டுக் கணக்கிட்ட சிதறலை வைத்து அளந்த எச்சம், −1.8 மட்டுமே. பத்துப் புள்ளியில் மிகப் பெரியதைத் தேடிப் பிடித்துச் சோதிக்கும்போது, பத்து முறை தேடியதற்கும் சேர்த்துத் திருத்தினால், எல்லை 4-ஐ ஒட்டி வரும். −1.8 அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் 24 தறி குடோனை மட்டும் விலக்கிவிட்டுத் திரும்பப் போட்டால் அதே 2100-க்கு −10.4 வருகிறது! முதலில் 24 தறி குடோன் கோட்டைக் கெடுத்து, சிதறலையும் பெரிதாக்கி வைத்திருந்தது. அந்தப் பெரிய சிதறலில் 2100 சாதாரணமாகத் தெரிந்தது. ஒன்று இன்னொன்றை மறைக்கும் இந்த வேலை சின்னத் தரவில் அடிக்கடி நடக்கும். ஒருமுறை அட்டவணை பார்த்துவிட்டு, எல்லையைத் தாண்டியதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதெல்லாம் சுத்தம் என்று நினைக்காதீர்கள்.

அதற்காக எடுத்துக்கொண்டே போகவும் கூடாது. 24-ஐ எடுத்ததும் 4 தறி குடோனின் லெவரேஜ் 0.23-லிருந்து 0.43 ஆகிவிடுகிறது; புதிய எல்லை 0.44. அந்தக் குடோன் எந்தத் தப்பும் செய்யவில்லை, பெரிய குடோன் போனதால் இப்போது இது ஓரத்துக்கு வந்துவிட்டது. விதியை இயந்திரம் போல ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் ஓரமாவார், கடைசியில் 8 தறி குடோன்கள் மட்டும் மிஞ்சும்.

கைடு மேடம் சொன்னதில் எனக்கு மாறுபாடு இருப்பதும் இதில்தான். தனியாக நிற்பது ஒரு குற்றமல்ல. தள்ளி நிற்கும் x-தான் சாய்வைப் பற்றி அதிகம் சொல்லக்கூடியது. அதில் உள்ள y சரியா தப்பா என்பதுதான் கேள்வி.

இப்போது நீங்கள் விசாரித்து அனுப்பிய தகவலுக்கு வருவோம். 24 தறி குடோனில் இரண்டு சர்வீஸ் இருக்கிறது. பாகம் பிரித்தபோது அண்ணன் பெயரில் ஒன்று, தம்பி பெயரில் ஒன்று. நீங்கள் தறியை எண்ணும்போது ஒரே கூரைக்குக் கீழே இருந்த 24-ஐயும் எண்ணிவிட்டீர்கள், யூனிட் மட்டும் ஒரு கார்டைப் பார்த்து எழுதினீர்கள். அடுத்த கார்டில் 2500 இருக்கிறது. அப்படியானால் உண்மையான y 7300. இங்கே எடுப்பதா விடுவதா என்ற கேள்வியே எழவில்லை. திருத்த வேண்டும், அவ்வளவுதான். எந்தப் புள்ளியைச் சந்தேகித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: எழுதியது சரியா, x-ம் y-ம் ஒரே பொருளைத்தான் அளக்கின்றனவா.

திருத்திப் போட்டால் கோடு 164 + 293.6 × தறி. 24 தறி குடோனின் எச்சம் +90. அதன் லெவரேஜ் இப்போதும் அதே 0.80தான், x மாறவில்லையே. ஆனால் D 0.55-க்கு இறங்கிவிட்டது. முன்பு கெடுத்த அதே குடோன் இப்போது உதவுகிறது.

அடுத்து 2100. அங்கே மீட்டரிலும் தப்பில்லை, எழுதியதிலும் தப்பில்லை. பாவு வராமல் 20 நாள் தறி நின்றிருக்கிறது. அறுபது நாளில் நாற்பது நாள் ஓட்டம். மற்ற ஒன்பது குடோனை வைத்துப் போட்ட கோடு 10 தறிக்கு 3211 யூனிட் சொல்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு 2141. மீட்டரில் 2100. காரணம் வாயளவில் பொருந்தினால் மட்டும் போதாது, அளவிலும் பொருந்த வேண்டும். "20 நாள் நின்றது" என்று சொல்லிவிட்டு யூனிட் 900 என்று இருந்திருந்தால் வேறு ஏதோ இருக்கிறது என்று இன்னும் தோண்டியிருக்க வேண்டும்.

சரியான அளவு, தெரிந்த காரணம். இதை எடுக்கலாமா? நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓடும் தறி ஒன்றுக்கு எவ்வளவு யூனிட் ஆகும் என்பது கேள்வி என்றால், 20 நாள் ஓடாத தறி அந்தக் கேள்விக்குள் வராது. காரணத்தை எழுதிவிட்டு விலக்கலாம். ஒரு குடோன்காரர் அடுத்த இரண்டு மாத பில்லுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பது கேள்வி என்றால், பாவு வராமல் நிற்பதும் கூலி உயர்வு கேட்டு நிறுத்துவதும் இந்தத் தொழிலின் அன்றாடம். அதை விலக்கினால் உங்கள் முன்கணிப்பின் அகலம் பொய்யாகக் குறுகிவிடும்.

எவ்வளவு குறுகும் என்று பாருங்கள். திருத்திய தரவில் 2100-ஐ வைத்துக்கொண்டால் எச்சங்களின் திட்டப்பிழை 383, எடுத்தால் 94. சாய்வின் திட்டப்பிழை 22.9-லிருந்து 5.6 ஆகிறது. ஆனால் சாய்வு? 293.6, எடுத்தாலும் அதேதான், தசமம்கூட மாறாது. காரணம் அந்தக் குடோன் சரியாகச் சராசரியில், 10 தறியில் நிற்கிறது. அங்கிருந்து கோட்டை மேலே கீழே தள்ளலாம், சாய்க்க முடியாது. கோடு 111 யூனிட் உயர்கிறது, அவ்வளவுதான். உங்கள் ப்ராஜெக்ட்டில் சாய்வுதான் முடிவு என்றால், 2100-ஐப் பற்றிய வாதத்தில் பெரும்பகுதி நம்பிக்கை இடைவெளியின் அகலத்தைப் பற்றியதுதான், தறிக்கு எத்தனை யூனிட் என்பதைப் பற்றியது அல்ல.

ஆனால் விலக்குவதற்கு முன் ஒரு விஷயம், அம்மிணி. "எத்தனை நாள் நின்றது" என்று நீங்கள் 2100 குடோனில் மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள், அதுவும் நான் கேட்கச் சொன்னதால். மற்ற ஒன்பதிலும் அதே கேள்வியைக் கேட்டீர்களா? 1900 வந்த 6 தறி குடோன் ஐந்து நாள் நின்றிருக்கலாம். கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதை யாரும் விசாரிக்கவில்லை. பிடிக்காத புள்ளிக்கு மட்டும் காரணம் தேடினால் காரணம் கிடைக்கத்தான் செய்யும். எந்தக் குடோனிலும் ஏதாவது ஒன்று நடந்திருக்கும். "பத்து நாளுக்கு மேல் நின்ற குடோனைச் சேர்ப்பதில்லை" என்று y-ஐப் பார்க்காமல் ஒரு விதி வைத்து, பத்துக்கும் ஒரே மாதிரி பொருத்துங்கள். அதைவிட நல்லது, x-ஐயே மாற்றுவது: தறி எண்ணிக்கைக்குப் பதில் தறி × ஓடிய நாள். அப்போது அந்த 10 தறி குடோன் 400 தறி-நாள் ஆகிவிடும். எதையும் எடுக்காமலேயே கோட்டுக்கு வந்துவிடும். பத்து குடோனுக்கும் ஒரு போன் போட்டால் முடிகிற வேலை.

வெளிப்புள்ளியைத் தாங்கும் ரெக்ரஷன் போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று யாராவது சொல்வார்கள். அந்த வகையைச் சேர்ந்த ஹூபர் முறை பெரிய எச்சத்துக்குத்தான் எடையைக் குறைக்கும். உங்கள் முதல் தரவில் தப்பான 24-ன் எச்சம் −410, நல்ல குடோன்கள் மூன்றின் எச்சத்தைவிடச் சிறியது. ஆகவே அந்த முறை எதையாவது தண்டித்தாலும், அதை விட்டுவிட்டு நல்லதைத்தான் முதலில் தண்டிக்கும். y-ல் வரும் தப்புக்கு அது நல்ல மருந்து, லெவரேஜுக்கு அல்ல.

இரண்டாவது கார்டு கிடைக்காமலே போயிருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வைவாவில் கேட்பார்கள். அப்போது மேடம் சொன்னபடி 24-ஐ விலக்குவதுதான் சரி, ஆனால் "தனியாக நிற்கிறது" என்பதற்காக அல்ல. Y எதை அளக்கிறது என்று உறுதி செய்ய முடியவில்லை என்பதற்காக. அப்படி விலக்கினால் உங்கள் ஆய்வு 4 முதல் 12 தறி வரையிலான குடோன்களைப் பற்றியது மட்டுமே என்று எழுத வேண்டும். 24 தறிக்குக் கணிப்புச் சொல்லக்கூடாது. இரண்டையும் விலக்கிய எட்டில் சாய்வு 299, திட்டப்பிழை 13. திருத்திய 24-ஐச் சேர்த்த ஒன்பதில் 293.6, திட்டப்பிழை 5.6. இரண்டு சாய்வும் ஒத்துப்போகின்றன. அகலம் மட்டும் பாதிக்கும் கீழே இறங்கியதற்குக் காரணம் அந்த ஒரு பெரிய குடோன்.

அறிக்கையில் மூன்று வரி உள்ள ஒரு அட்டவணை போடுங்கள்: எழுதியபடி பத்தும் (168.6), 24-ஐத் திருத்திய பத்தும் (293.6), அதிலிருந்து 2100-ஐ விலக்கிய ஒன்பதும் (293.6). ஒவ்வொன்றுக்கும் சாய்வின் திட்டப்பிழை 29.7, 22.9, 5.6 என்று பக்கத்திலேயே கொடுங்கள். முதல் வரியில் ±30 என்பது கச்சிதமாகத் தெரியும், ஆனால் உண்மைச் சாய்வு அதற்கு நான்கு திட்டப்பிழைக்கும் அப்பால் இருக்கிறது. தேர்வாளர் அதைக் கேட்டால், திட்டப்பிழை மாதிரியை உண்மை என்று வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, இரண்டாவது மீட்டரைப் பற்றி அதற்குத் தெரியாது என்று சொல்லுங்கள்.